உரைப்பதிவிலிருந்து எழுதிய படிகள் பலன் தரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

காணொளிப் பாடங்களில் பேசியதை எழுத்தாக்கிய உரைப்பதிவை எண்ணிட்ட படிகளாக மாற்றும் வேலையில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சிலவே. பட்டியல் பார்க்க ஒழுங்காக இருக்கும். அதைப் பின்பற்றுபவர் எட்டாவது படியில் திணறுவார், அல்லது எல்லாப் படிகளையும் முடித்த பிறகும் காணொளியில் வந்த பலன் அவருக்கு வராது. அப்படி வந்த பட்டியல்களைத் திருத்தியதில் சேர்ந்த குறிப்புகள் இவை. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் சரியாகும் காரணம் முதலில் வருகிறது, நேரமும் உழைப்பும் கேட்கும் காரணம் கடைசியில் வருகிறது.

எடுத்துக்காட்டு முழுவதற்கும் ஒரே பாடத்தை வைத்துக்கொள்கிறேன்: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், மின்விசிறி இரைச்சலோடு பதிவான ஒரு குரலைச் சுத்தம் செய்வது. இதில் சொல்லப்படுவதை வேறு மென்பொருள் பாடங்களுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

## அறிகுறி 1: உரைப்பதிவில் ஒரே வரி இரண்டு மூன்று முறை வருகிறது

முதலில் பார்க்க வேண்டியது: உரையை எங்கிருந்து எடுத்தீர்கள்? யூடியூப் காணொளியின் விவரப் பகுதியில் Show transcript என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே கிடைக்கும் உரையில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை, நேரக்குறியும் சேர்ந்தே வரும். வசன வரிக் கோப்பைத் தரவிறக்கியிருந்தால்தான் வரிகள் இரட்டிக்கும். தானாக உருவான வசன வரிகள் திரையில் மேலே நகர்ந்துகொண்டே போவதால், முந்தைய வரி அடுத்த துண்டிலும் எழுதப்பட்டிருக்கும்.

கோப்புதான் கையில் இருக்கிறது என்றால்: லினக்ஸ் அல்லது மேக் முனையத்தில் இந்தக் கட்டளையை இட்டு, அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை மட்டும் நீக்குங்கள். paadam.vtt என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை எழுதுங்கள்.

```
grep -v -e '-->' -e '^WEBVTT' -e '^[[:space:]]*$' paadam.vtt | sed 's/<[^>]*>//g' | uniq
```

கோப்பு முழுவதிலும் மீண்டும் வரும் வரிகளை எல்லாம் நீக்கும் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். பாடம் எடுப்பவர் ஓகேயை அழுத்தச் சொல்லும் வரி ஐந்து இடங்களில் வந்திருந்தால், அவற்றில் நான்கு காணாமல் போகும். அந்த நான்கும் நான்கு தனிப் படிகள்.

இந்தக் கட்டளை நேரக்குறிகளையும் நீக்கிவிடுகிறது. எனவே பழைய கோப்பை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள். கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை நேரக்குறி இல்லாமல் நடக்காது.

## அறிகுறி 2: எல்லாப் படிகளையும் செய்தாயிற்று, பலன் மட்டும் வரவில்லை

மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். உரைப்பதிவில் பாடம் எடுப்பவரின் வாய் பேசியது மட்டுமே இருக்கிறது. அவர் கை செய்தது அதில் இல்லை.

நமது பாடத்தின் உரைப்பதிவில் இப்படி ஒரு பகுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

> 3:12 இங்கே அமைதியாக இருக்கிற இடத்தை எடுத்துக்கொள்கிறேன் நாய்ஸ் ரிடக்‌ஷன் போய் கெட் நாய்ஸ் புரொஃபைல் கொடுக்கிறேன்
> 3:31 இப்போது மறுபடியும் அதே இடத்துக்குப் போய் ஓகே கொடுத்தால் போதும்

இதிலிருந்து பெரும்பாலோர் எழுதும் படிகள் இவை: அமைதியான பகுதியைத் தேர்ந்தெடு, Noise Reduction திற, Get Noise Profile அழுத்து, மீண்டும் Noise Reduction திற, OK அழுத்து. பேச்சில் இருப்பது அத்தனையும் வந்துவிட்டது, ஒரு சொல்லும் விடுபடவில்லை. இருந்தும் பட்டியல் தவறானது.

### கிளை அ: அமைதியான இடம் மட்டும் சுத்தமாகிவிட்டது, பேச்சில் இரைச்சல் அப்படியே இருக்கிறது

காரணம்: 3:12-க்கும் 3:31-க்கும் இடையே பாடம் எடுப்பவர் Ctrl+A அழுத்தி முழுத் தடத்தையும் தேர்ந்தெடுத்திருக்கிறார், வாய் திறந்து சொல்லவில்லை. ஆடாசிட்டியில் எஃபெக்ட் எதுவானாலும் தேர்ந்தெடுத்த பகுதியில்தான் செயல்படும். பழைய தேர்வு மாறாமல் இருந்தால், அந்த ஒரு நொடி அமைதிதான் சுத்தமாகும்.

சோதனை: இரண்டு நேரக்குறிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி இருந்து, பேச்சு மட்டும் குறைவாக இருந்தால், அங்கே கை ஏதோ செய்திருக்கிறது என்று கொள்ளுங்கள். 19 நொடிகளில் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருக்கிறார் என்பதே போதுமான தடயம். காணொளியில் அந்த 19 நொடிகளை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒலியோடு பார்க்கும்போது பேச்சு நம் கவனத்தை இழுத்துக்கொள்ளும், சுட்டி எங்கே போகிறது என்று கண் தொடராது. யூடியூப்பில் காணொளியை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டகம் முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு சட்டகம் பின்னே போகும். அலைவடிவத்தின் பின்னணி நிறம் எந்தச் சட்டகத்தில் மாறுகிறது என்று பார்த்தால் தேர்வு எப்போது மாறியது என்பது தெரிந்துவிடும்.

### கிளை ஆ: இரைச்சல் போய்விட்டது, குரலும் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் குழறுகிறது

காரணம்: இரைச்சலின் மாதிரி எடுத்தபோதே பேச்சும் தேர்வில் சேர்ந்திருக்கிறது. பட்டியலில் 'இங்கே அமைதியாக இருக்கிற இடம்' என்பது 'ஒரு பகுதியைத் தேர்ந்தெடு' என்று சுருங்கியிருக்கும். பின்பற்றுபவர் பேச்சோடு சேர்த்து எடுத்திருப்பார், மென்பொருள் குரலையும் இரைச்சலாக எண்ணிக் குறைத்துவிட்டது.

சோதனை: உரைப்பதிவில் இங்கே, இது, இதை, அந்த, இப்படி, இவ்வளவு ஆகிய சொற்கள் வரும் இடங்களை எல்லாம் தேடிக் குறியுங்கள். அவை ஒவ்வொன்றும் திரையில் எதையோ சுட்டுகின்றன. சுட்டப்பட்ட பொருளின் பெயரைப் படியில் எழுதிய பிறகே அந்தச் சொல்லை நீக்க வேண்டும். ஏதேனும் ஒன்றுக்குப் பெயர் எழுத முடியவில்லை என்றால் அந்த இடத்தின் திரைப்பிடிப்பைப் படியோடு ஒட்டிவிடுங்கள். சில வேளைகளில் அதுவே சிறந்த வழி.

### கிளை இ: குரல் முற்றிலும் மறைந்து இரைச்சல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது

காரணம்: Noise Reduction சாளரத்தின் அடியில் Reduce, Residue என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. நீக்கப்படும் ஒலி எது என்று கேட்டுப் பார்ப்பதற்காகப் பாடம் எடுப்பவர் Residue வைத்துக் காட்டியிருப்பார், பின்பு Reduce-க்குத் திரும்பியிருப்பார். திரும்பியதை அவர் சொல்லவில்லை. சோதித்துக் காட்டியது எது, உண்மையில் செய்தது எது என்று பட்டியலில் பிரித்து எழுதுங்கள். சோதனைக்கு எண் தேவையில்லை, முந்தைய படியின் கீழே ஒரு குறிப்பாகப் போதும்.

### மூன்று கிளைகளிலும் காரணம் பிடிபடவில்லை என்றால்

இனி நேரம் கேட்கும் வழிதான். காணொளியை ஓடவிட்டு, உங்கள் கணினியில் ஒவ்வொரு செயலையும் கூடவே செய்யுங்கள். முடிந்ததும் View பட்டியில் History-யைத் திறங்கள். நீங்கள் ஒலியில் செய்த மாற்றங்கள் வரிசையாக அங்கே இருக்கும். அந்த வரிசையையும் உங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடுபட்ட படி தனித்துத் தெரியும். இதில் ஒரு குறை உண்டு: பகுதியைத் தேர்ந்தெடுப்பது ஒலியை மாற்றுவதில்லை, அதனால் History-யில் பதிவாகாது. தேர்வுகளை மட்டும் காகிதத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

திருத்திய பிறகு இந்தப் பகுதி இப்படி இருக்க வேண்டும்:

1. பேச்சே இல்லாத, இரைச்சல் மட்டும் கேட்கும் ஒரு நொடியைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். (3:12)
2. Effect > Noise Removal and Repair > Noise Reduction திறந்து, Get Noise Profile அழுத்துங்கள். சாளரம் தானாக மூடிக்கொள்ளும். (3:20)
3. Ctrl+A அழுத்துங்கள். தடம் முழுவதும் தேர்வு நிறத்துக்கு மாறியதா என்று பாருங்கள். (பேச்சில் இல்லை, திரையில் 3:27)
4. அதே Noise Reduction சாளரத்தை மீண்டும் திறங்கள். Noise reduction (dB): 12, Sensitivity: 6, Frequency smoothing (bands): 3. கீழே Reduce தேர்வாகியிருக்க வேண்டும். (3:31)
5. OK அழுத்துங்கள். பேச்சுக்கு இடையிலுள்ள அமைதியில் அலைவடிவம் மெலிந்திருக்கும். (3:44)

படிகளின் இறுதியில் கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் அடையாளம் ஒன்று சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். சாளரம் மூடியதா, நிறம் மாறியதா, அலை மெலிந்ததா என்று பின்பற்றுபவர் பார்த்துக்கொண்டால், தவறு எந்தப் படியில் நேர்ந்ததோ அங்கேயே தெரியும். பேச்சில் இல்லாத படிக்கு 'பேச்சில் இல்லை' என்று குறிப்பதையும் விடாதீர்கள். பட்டியலைச் சரிபார்க்கும் இன்னொருவர் அதை உரைப்பதிவில் தேடிக் களைத்துப்போக மாட்டார்.

## அறிகுறி 3: கருவி சரி, அளவு மட்டும் பொருந்தவில்லை

ஒலி வெடிக்கிறது, அல்லது குரல் தொலைபேசியில் கேட்பதுபோல் மெலிந்துபோகிறது, அல்லது மென்பொருள் எண்ணையே ஏற்க மறுக்கிறது. மூன்றுக்கும் எண்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கழித்தல் குறி விழுந்திருக்கலாம். ஒலி வேலையில் பல அளவுகள் சுழியத்துக்குக் கீழே இருப்பவை. 'மைனஸ் மூன்று' என்று பேசியது உரைப்பதிவில் வெறும் 3 ஆகிவிடும். அதைப் பலர் மைனஸ் என்று சொல்வதே இல்லை, 'மூன்று டிபி வையுங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். எந்தச் சாளரத்தில் இது நடந்தது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது. Normalize என்பது ஒலியின் உச்சத்தை ஓர் அளவில் நிறுத்துவது. அங்கே உச்சம் 0-க்கு மேல் போகக்கூடாது என்பதால் தவறு உடனே வெளிப்பட்டுவிடும். Amplify-யிலோ 3 என்பது ஒலியை உயர்த்தும், -3 என்பது தாழ்த்தும், உயர்த்திய ஒலி 0-ஐத் தாண்டாதவரை இரண்டுமே செல்லுபடியாகும். அங்கே தவறு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். Amplify வரும் படிகளைக் கட்டாயம் திரையோடு ஒப்பிடுங்கள்.

எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 'பன்னிரண்டு, ஆறு, மூன்று' என்று வேகமாகச் சொன்னால் உரைப்பதிவில் 1263 என்று ஒரே எண்ணாக வரக்கூடும். பிரித்துவிட்டால் மட்டும் போதாது, எந்த எண் எந்தப் பெட்டிக்கு உரியது என்பதும் தெரிய வேண்டும். சாளரத்தில் பெட்டிகள் மேலிருந்து கீழாக இருக்கும் வரிசையில்தான் பேசியிருப்பார் என்று நம்பிவிடாதீர்கள், திரையில் பாருங்கள். விகிதங்களும் இப்படிச் சிதையும். ஆங்கிலத்தில் 'திரீ டு ஒன்' என்றது 3:1 ஆக வராமல் 321 ஆக வந்து நிற்கும்.

ஒலிப்பில் நெருங்கிய எண் மாறியிருக்கலாம். ஆங்கிலப் பாடங்களில் பதினைந்தும் ஐம்பதும், பதினெட்டும் எண்பதும் ஒன்றுக்கொன்று மாறிவிடுகின்றன. தமிழ்ப் பாடங்களில் 'இரண்டரை' என்பதன் 'அரை' காணாமல் போகிறது. நமது பாடத்தில் High-Pass Filter ஒரு படி. குரலுக்குக் கீழே இருக்கும் உறுமலை வெட்ட 80 ஹெர்ட்ஸ் வைக்கிறார். அது 800 என்று பட்டியலில் ஏறிவிட்டால் குரலின் அடிப்பகுதியே வெட்டுப்பட்டு, தொலைபேசிக் குரலாகிவிடும். 18 என்று ஏறினால் எந்த வேறுபாடும் கேட்காது. 'இந்தப் படி எதையும் மாற்றவில்லையே' என்று ஒருவர் சொன்னால் எண் சிறுத்துவிட்டதா என்றும், 'கெட்டுப்போகிறது' என்று சொன்னால் எண் பெருத்துவிட்டதா என்றும் முதலில் பாருங்கள்.

'அப்படியே விட்டுவிடுங்கள்' என்று பேச்சில் வந்திருக்கலாம். இதை அப்படியே படியில் எழுதினால் பட்டியல் பயனற்றதாகிவிடும். எஃபெக்ட் சாளரம் கடைசியாகப் பயன்படுத்திய அளவுகளோடுதான் திறக்கிறது. பாடம் எடுப்பவர் விட்டுவிட்டது அவருடைய பழைய அளவு, பின்பற்றுபவரின் கணினியில் இருப்பது வேறொன்று. அந்தச் சாளரம் திரையில் தெரியும் நொடியில் நிறுத்தி, தொடாமல் விட்ட பெட்டிகளின் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திரையில் எண் மங்கலாக இருந்தால் காணொளியின் தரத்தை மிக உயர்ந்த அளவுக்கு மாற்றிவிட்டு நிறுத்திப் பாருங்கள். அப்போதும் படிக்க முடியவில்லை என்றால் எண்ணை ஊகித்து எழுத வேண்டாம். 'திரையில் தெளிவில்லை, 80 என்று கேட்கிறது' என்று அப்படியே குறியுங்கள். ஊகமும் உறுதியும் ஒரே எழுத்தில் நின்றால் பின்பற்றுபவருக்கு வேறுபாடு தெரியாது.

## அறிகுறி 4: படியில் சொன்ன கருவி மெனுவில் இல்லை

பெயர் சிதைந்திருக்கிறதா? தமிழில் பேசி ஆங்கிலக் கருவிப் பெயர்களைச் சொல்லும் பாடங்களில் தானியங்கி எழுத்து மிகவும் தடுமாறும். 'நாய்ஸ்' என்பது நாய் ஆகிவிடும். மென்பொருளைத் திறந்து மெனுவில் உள்ள பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள், எது ஒத்து ஒலிக்கிறதோ அதுவே. பட்டியலில் கருவிப் பெயரைத் திரையில் இருக்கும் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் பின்பற்றுபவர் மெனுவில் எதைத் தேடுவார்?

பெயர் சரி, இடம் மாறியிருக்கிறதா? ஆடாசிட்டி 3.2 பதிப்பில் எஃபெக்ட்டுகள் வகை வாரியாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய காணொளிகளில் Effect மெனுவைத் திறந்ததும் Noise Reduction நேராகத் தெரியும். இப்போது Noise Removal and Repair என்ற உட்பிரிவுக்குள் போக வேண்டும். காணொளி எந்த ஆண்டு வெளியானது என்று பார்த்து, மெனுப் பாதையை உங்கள் பதிப்புக்கு ஏற்பத் திருத்தி எழுதுங்கள். உங்கள் பதிப்பை Help > About Audacity காட்டும்.

கருவி இருக்கிறது, உள்ளே இருக்கும் பெட்டி இல்லையா? இதுதான் கடினமானது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் Compressor கருவியின் பழைய சாளரத்தில் Noise Floor என்று ஓர் அளவு இருந்தது. 3.6 பதிப்பில் Compressor புதிதாக எழுதப்பட்டபோது அது போய்விட்டது, Knee width, Lookahead முதலிய புதியவை வந்தன. இங்கே பழைய எண்களைப் புதிய பெட்டிகளில் பொருத்த முயல வேண்டாம். இரண்டு வழிகள் இருக்கின்றன: பட்டியலின் தலைப்பிலேயே '3.6-க்கு முந்தைய பதிப்புக்கு' என்று எழுதிவிடுவது, அல்லது அந்தப் படிக்குப் புதிய பதிப்பில் வேறொரு பாடத்தைத் தேடுவது. முதல் வழியே நேர்மையானது என்பது என் கருத்து.

## அறிகுறி 5: நடுவில் இரண்டு படிகள் ஒன்றையொன்று அழிக்கின்றன

பாடம் எடுப்பவர் தவறு செய்து, Ctrl+Z அழுத்தித் திரும்பியிருப்பார். உரைப்பதிவில் தவறான முயற்சியும் சரியான முயற்சியும் இரண்டுமே இருக்கும். 'இல்லை இல்லை', 'மன்னிக்கவும்', 'திரும்பப் போவோம்', 'முன்பே சொல்ல மறந்துவிட்டேன்' ஆகிய சொற்களைத் தேடுங்கள். முதல் மூன்றின் அருகே நீக்க வேண்டிய படி இருக்கும். நான்காவதன் அருகே, பட்டியலில் மேலே ஏற்ற வேண்டிய படி இருக்கும்.

## எப்போது நிறுத்திவிட்டு வேறொருவரை அழைக்க வேண்டும்

ஓர் அளவு பேச்சிலும் இல்லை, திரையிலும் இல்லை என்றால் அதை எந்த உழைப்பாலும் மீட்க முடியாது. சாளரத்தைக் காட்டாமல் வெட்டிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவும் காணொளிகள் உண்டு. அங்கே காணொளியை உருவாக்கியவரிடம் கேட்பதே முதல் வழி. கேட்கும்போது நேரக்குறியோடு ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: '6:05-இல் Compressor திறந்தபோது Threshold எவ்வளவு?'

அவர் கிடைக்கவில்லை என்றால் அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் பட்டியலைக் கொடுங்கள். ஒலிப்பொறியாளர் ஒருவர் முன்னும் பின்னும் இருக்கும் ஒலியைக் கேட்டுவிட்டு ஏறக்குறைய எந்த அளவு என்று சொல்லிவிடுவார். ஆனால் அதைப் பட்டியலில் அவருடைய பரிந்துரை என்று குறித்து, காணொளியின் அளவுகளிலிருந்து தனியாக வையுங்கள்.

உரைப்பதிவே வாக்கியத்துக்கு வாக்கியம் சிதைந்து கிடந்தால், அதைச் சீர்செய்ய முயல்வதைவிடக் காணொளியைக் கேட்டுப் புதிதாகத் தட்டெழுதச் செய்வது விரைவாக முடியும். அளவுகோல் எளிது: ஒரு நிமிடப் பேச்சைத் திருத்துவதற்கு, அதை முதலிலிருந்து தட்டெழுதுவதைவிட அதிக நேரம் பிடித்தால் திருத்துவதை விட்டுவிடுங்கள். தட்டெழுத்தாளரிடம் கருவிப் பெயர்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

மின் இணைப்பு, எரிவாயு, மருந்து ஆகியவை தொடர்பான பாடங்களில் அளவில் ஐயம் இருந்தால் இந்தக் கிளைகள் எதற்கும் போக வேண்டாம். அந்தத் துறையில் உரிமம் பெற்ற ஒருவர் படித்து ஒப்பும்வரை பட்டியலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.